வேலையை விட்ட பிறகும் அட்டெண்டன்ஸ் மெஷினில் இருக்கும் முகம்

கேள்வி: போன மாசம் ஒரு பிரைவேட் கம்பெனியை விட்டு வந்துட்டேன். அங்க முகத்தைக் காட்டித்தான் அட்டெண்டன்ஸ். என் ஃபேஸ் டேட்டா இன்னும் அவங்ககிட்ட இருக்குமா? எவ்வளவு நாள் வச்சிருப்பாங்க? அழிக்கச் சொல்லி யார்கிட்ட, எப்படிக் கேட்கணும்? ஹெச்.ஆர்.ல கேட்டா, ‘அது போட்டோ இல்லைங்க, வெறும் நம்பர்தான்’னு சொல்றாங்க.

பதில்:

பெரும்பாலும் இருக்கும். வேண்டுமென்றே யாரும் வைத்திருப்பதில்லை. அழிப்பது யாருடைய வேலை என்று பல கம்பெனிகளில் எழுதியே வைத்திருக்க மாட்டார்கள், அதனால் அப்படியே கிடக்கும். ஹெச்.ஆர். சொன்னது பாதி சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொண்டால்தான் எதையெல்லாம் அழிக்கச் சொல்வது என்று புரியும், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் நாள் உங்களை மெஷின் முன்னால் நிற்க வைத்து என்ரோல் செய்திருப்பார்கள். அப்போது கேமரா உங்களைப் படம் எடுக்கிறது. அதில் முகம் எங்கே இருக்கிறது என்று மென்பொருள் கண்டுபிடிக்கிறது. இரண்டு கண்கள், மூக்கு நுனி, வாயின் இரு ஓரங்கள் ஆகிய புள்ளிகளை வைத்து முகத்தை நேராக்கி, ஒரே அளவில் வெட்டிக்கொள்கிறது. அந்தச் சின்னப் படம், முகங்களை வைத்துப் பயிற்சி கொடுத்த ஒரு நியூரல் நெட்வொர்க்குக்குள் போய் எண்களின் வரிசையாக வெளியே வருகிறது. 2015-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஃபேஸ்நெட் முறையில் ஒரு முகத்துக்கு 128 எண்கள். இப்போது பரவலாக இருக்கும் முறைகளில் 512 எண்கள். இந்த வரிசைக்குத்தான் ஃபேஸ் டெம்ப்ளேட் என்று பெயர்.

மறுநாள் நீங்கள் பஞ்ச் செய்யும்போது புதிதாக ஒரு வரிசை உருவாகிறது. அதைப் பழைய வரிசையோடு ஒப்பிட்டு, எவ்வளவு நெருக்கம் என்று மெஷின் கணக்குப் போடுகிறது. நிர்ணயித்த எல்லையைத் தாண்டினால் அட்டெண்டன்ஸ் விழும். சேமித்து வைத்த பதிவு ஏறக்குறைய இப்படி இருக்கும் (எண்கள் மாதிரிக்கு மட்டும்):

```
user_id  : 1047
status   : active
model    : v2
template : 0.0312, -0.0871, 0.0045, ... (512)
photo    : 1047.jpg
```

ஒரு எண்ணுக்கு 4 பைட் என்றால் 512 எண்களுக்கு 2,048 பைட், அதாவது 2 கேபி. 300 பேர் வேலை செய்யும் கம்பெனியின் எல்லா முகங்களும் 600 கேபிக்குள் அடங்கிவிடும். வைத்திருக்க ஒரு செலவும் இல்லை என்பதால், இடம் போதவில்லை என்ற காரணத்துக்காகக்கூட யாரும் அழிக்கப் போவதில்லை. மெஷினில் இத்தனை முகம்தான் கொள்ளும் என்று ஓர் அளவு உண்டு, சிறிய மாடல்களில் சில நூறு, பெரியவற்றில் சில ஆயிரம். அது நிரம்பும்போதுதான் பழைய ஆட்களைத் தேடிப்பிடித்து நீக்குவார்கள். கேட்பார் இல்லாத இடத்தில் நடைமுறையில் இருக்கும் ‘காலக்கெடு’ அதுதான்.

இனி ‘வெறும் நம்பர்தான்’ என்ற பேச்சு. மேலே உள்ள பதிவில் கடைசி வரியைப் பாருங்கள். எண்களோடு என்ரோல் செய்தபோது எடுத்த படமும் பல மெஷின்களில் சேர்ந்தே இருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. ஒரு நியூரல் நெட்வொர்க் தந்த எண்கள் இன்னொரு நியூரல் நெட்வொர்க்குக்குப் புரியாது. நாளைக்கு மெஷினை மாற்றினாலோ மென்பொருளின் மாடலைப் புதுப்பித்தாலோ பழைய டெம்ப்ளேட்டுகள் எல்லாம் வீண். 300 பேரையும் மறுபடி வரிசையில் நிறுத்தி என்ரோல் செய்ய வேண்டும். படம் கையில் இருந்தால் அந்தப் பாடு இல்லை, புது மாடலில் படங்களை ஓட்டிப் புது டெம்ப்ளேட்டுகளை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே டெம்ப்ளேட்டை மட்டும் அழித்துப் படத்தை விட்டுவைத்தால் எதுவும் அழிந்ததாகாது. சில நொடிகளில் அது திரும்ப உருவாகிவிடும்.

படமே இல்லை, எண்கள் மட்டும்தான் என்றாலும் கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது. டெம்ப்ளேட்டிலிருந்து ஆளை அடையாளம் காணும் அளவுக்கு முகத்தைத் திரும்ப வரைய முடியும் என்று ஆய்வாளர்கள் செய்தே காட்டிவிட்டார்கள். பாஸ்வேர்டை ஹேஷ் செய்து வைப்பது போலத்தானே இதுவும் என்று ஐ.டி. ஆட்கள் சொல்வதுண்டு. இரண்டும் ஒன்றல்ல. பாஸ்வேர்டு எழுத்துக்கு எழுத்து அப்படியே பொருந்த வேண்டும், அதனால் அதை உருத்தெரியாமல் மாற்றி வைக்கலாம். முகம் ஒருநாள் போல் ஒருநாள் இருக்காது. ‘எவ்வளவு நெருக்கம்’ என்று பார்க்க வேண்டியிருப்பதால், ஒப்பிடும் நேரத்தில் அந்த எண்கள் மெஷினுக்குத் தெளிவாகத் தெரிந்தாக வேண்டும். என்கிரிப்ட் செய்து வைத்திருக்கிறோம் என்றால் நல்லதுதான். ஆனால் சாவியும் அவர்களிடமேதான் இருக்கிறது.

எங்கெங்கே இருக்கும்

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் எம்ப்ளாயி நம்பர் 1047. கிண்டியில் தலைமை அலுவலகம், வாசலில் ஒரு மெஷின், இரண்டாம் மாடியில் ஒரு மெஷின். கோயம்புத்தூர் கிளையில் இன்னொன்று. எல்லாம் ஒரே சர்வரோடு இணைந்தவை. சர்வர் மென்பொருளை அட்டெண்டன்ஸ் வெண்டர் கவனித்துக்கொள்கிறார். சம்பளக் கணக்குக்கான மென்பொருள் தனி.

நீங்கள் கிண்டியில் ஒரு தடவைதான் முகம் காட்டினீர்கள். ஆனால் எந்த மெஷினில் பஞ்ச் செய்தாலும் ஏற்க வேண்டுமே, அதற்காகச் சர்வர் உங்கள் டெம்ப்ளேட்டை மற்ற இரண்டு மெஷின்களுக்கும் அனுப்பியிருக்கும். கோயம்புத்தூருக்கு நீங்கள் போனதே இல்லை என்றாலும் உங்கள் முகம் அங்கே இருக்கும். இதோடு, ஒவ்வொரு பஞ்ச்சின்போதும் ஒரு படம் எடுத்துச் சேமிக்கும் வசதி பல மெஷின்களில் உண்டு. ஒருவருக்குப் பதில் இன்னொருவர் அட்டெண்டன்ஸ் போடுவதைப் பிடிக்க அதை ஆன் செய்து வைப்பார்கள். ஆன் ஆகியிருந்தால் நாளைக்கு இரண்டு படம் வீதம் நூற்றுக்கணக்கில் சேர்ந்திருக்கும். அவை என்ரோல் படத்தோடு சேராமல் வேறொரு ஃபோல்டரில் இருப்பதால் ஆளை நீக்கும்போது தானாகப் போகாது. கடைசியாக, சர்வரின் பேக்கப்.

நீங்கள் ரிலீவ் ஆன அன்று ஹெச்.ஆர். செய்வது, சம்பள மென்பொருளில் 1047-ஐ ‘ரிசைன்ட்’ என்று மாற்றுவது. அட்டெண்டன்ஸ் சர்வரில் போய் முடக்கினால் அதுவே பெரிது. முடக்கினால் 1047 ரிப்போர்ட்டில் வராது, ஆனால் டெம்ப்ளேட் அப்படியே இருக்கும். ‘நீக்கிவிட்டோம்’ என்று உங்களுக்குப் பதில் வந்தால், முடக்கினார்களா அழித்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

உண்மையாகவே அழித்தாலும் ஒரு கோளாறு அடிக்கடி நடக்கும். சர்வரில் 1047-ஐ அழித்ததும் எல்லா மெஷினுக்கும் ‘இவரை நீக்கு’ என்ற கட்டளை போகும். அந்த நேரம் கோயம்புத்தூரில் கரண்ட் இல்லை அல்லது நெட் இல்லை என்றால் கட்டளை போய்ச் சேராது. சில மென்பொருள்கள் அதை மறுபடி அனுப்பும், சில அனுப்பாது. பிறகு அந்த மெஷின் உயிர்பெற்றதும் தன்னிடம் இருக்கும் ஆட்களின் பட்டியலைச் சர்வருக்கு அனுப்பும். சர்வரில் இல்லாத 1047 அங்கே இருப்பதால், புது ஆள் என்று நினைத்துச் சர்வர் அதைச் சேர்த்துக்கொள்ளும். அங்கிருந்து மற்ற மெஷின்களுக்கும் திரும்பப் போனாலும் போகும். இப்படித் திரும்பி வந்த பதிவைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும், எண் மட்டும் நிற்கும். யூசர் லிஸ்ட்டில் பெயரில்லாத எண்கள் வரிசையாக இருந்தால், அந்த அலுவலகத்தில் அழிப்பு ஒழுங்காக நடக்கவில்லை என்று அர்த்தம்.

சரியான வரிசை இது. முதலில் ஒவ்வொரு மெஷினிலும் அழிக்க வேண்டும், அழிந்ததை அந்தந்த மெஷினின் லிஸ்ட்டில் பார்த்து உறுதி செய்ய வேண்டும், அதன்பிறகு சர்வரில் அழிக்க வேண்டும். ஆஃப்லைனில் இருக்கும் மெஷினுக்கு ஆள் நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

பேக்கப்பில் இருந்து ஒரே ஒரு ஆளை மட்டும் எடுப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். அதை வற்புறுத்திப் பயனில்லை. பேக்கப் எத்தனை நாளுக்கு ஒருமுறை பழையதன் மேல் எழுதப்படுகிறது என்று கேளுங்கள். 30 நாள், 90 நாள் என்று ஏதாவது ஒரு எண் சொல்வார்கள். அதோடு, இடையில் பேக்கப்பிலிருந்து சர்வரை மீட்க நேர்ந்தால் 1047-ஐ மறுபடி அழிப்போம் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நியாயமாகக் கேட்கக்கூடியது அவ்வளவுதான்.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்

இந்தியாவில் முகத்துக்கென்று நாள் கணக்கு எதுவும் சட்டத்தில் இல்லை. ‘தேவை முடிந்தால் வைத்திருக்கக் கூடாது’ என்ற விதி இருக்கிறது, ஆனால் அது எந்தச் சட்டத்தில் என்பதில் இப்போது ஒரு குழப்பமான இடைக்காலம் நடக்கிறது.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. ஆனால் கம்பெனிகளின் கடமைகளையும் நம் உரிமைகளையும் சொல்லும் முக்கியப் பகுதிகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும் என்று விதிகளை அறிவித்தபோதே சொல்லப்பட்டது. அதுவரை நீங்கள் கையில் எடுக்க வேண்டியது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஏ பிரிவின் கீழ் 2011-இல் வந்த விதிகளை. பழைய விதிகள்தான், ஆனால் உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்துபவை. அடையாளம் உறுதிசெய்யப் பயன்படும் முக அமைப்பை அவை பயோமெட்ரிக் என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கின்றன, பயோமெட்ரிக்கை நுண்ணிய தனிநபர் தகவலாக வகைப்படுத்தியிருக்கின்றன.

அந்த விதிகளில் 5-ஆம் விதியை மட்டும் படித்தால் போதும். நுண்ணிய தகவலைத் திரட்டும் முன் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் மட்டும் விலக்கு. கொடுத்த சம்மதத்தை எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெப்சைட்டில் போட வேண்டும், அவர் ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும். இது தனியார் நிறுவனங்களுக்கு, சிறு கூட்டு நிறுவனங்கள் உட்பட. அரசு அலுவலகங்கள் இதில் வராது.

புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், நோக்கம் முடிந்ததாகக் கருதக்கூடிய நிலையில் நிறுவனம் தானே அழிக்க வேண்டும், தன் சார்பில் தரவைக் கையாளும் வெண்டரையும் அழிக்க வைக்க வேண்டும். ஆனால் அதிலும் இரண்டு சிக்கல்கள் உண்டு. வேலை சம்பந்தப்பட்ட சில தேவைகளுக்குச் சம்மதம் இல்லாமலே தரவைப் பயன்படுத்தலாம் என்று 7-ஆம் பிரிவு சொல்கிறது. அழிக்கக் கேட்கும் உரிமையைத் தரும் 12-ஆம் பிரிவோ, நீங்கள் சம்மதம் கொடுத்த தரவைப் பற்றிப் பேசுகிறது. ‘நாங்கள் சம்மதத்தின் பேரில் வாங்கவில்லை’ என்று கம்பெனி நழுவப் பார்க்கலாம். சேரும்போது கையெழுத்துப் போட்ட பயோமெட்ரிக் சம்மதப் படிவத்தின் நகல் இருந்தால் பத்திரமாக வையுங்கள். இரண்டாவது, குறிப்பிட்ட அரசுத் தேவைகளுக்காகத் தரவையும் அதைக் கையாண்ட பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று புது விதிகளில் ஒரு வரி இருக்கிறது. 2027-க்குப் பிறகு அதைக் காரணம் காட்டுவார்கள் என்று எதிர்பார்க்கலாம். குறைகளுக்குப் பதில் சொல்லும் காலமும் ஒரு மாதத்திலிருந்து அதிகபட்சம் 90 நாளாக நீள்கிறது.

வெளிநாடுகளில் எப்படி என்று தெரிந்தால் நம் நிலை எங்கே என்று புரியும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நோக்கம் முடிந்ததும் அல்லது கடைசித் தொடர்பிலிருந்து 3 ஆண்டுக்குள், எது முந்தியோ அப்போது அழிக்க வேண்டும். எப்போது அழிப்போம் என்ற கொள்கையை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடவும் வேண்டும். டெக்ஸாஸில் நோக்கம் முடிந்து ஓராண்டுக்குள் அழிக்க வேண்டும், முதலாளி பாதுகாப்புக்காக எடுத்த பயோமெட்ரிக் என்றால் வேலை முடிந்த நாளிலேயே நோக்கமும் முடிந்ததாகக் கருதப்படும் என்று சட்டமே சொல்லிவிடுகிறது. நம் சட்டத்தில் நான் தேடும் வரி அதுதான், இன்னும் காணவில்லை. பிரிட்டனில் 2024 பிப்ரவரியில் தகவல் ஆணையர் அலுவலகம், செர்கோ லெஷர் நிறுவனம் 38 உடற்பயிற்சி, பொழுதுபோக்கு மையங்களில் 2,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு முகம், கைரேகை காட்டி அட்டெண்டன்ஸ் வைத்திருந்ததை நிறுத்தச் சொல்லி, சட்டப்படி வைத்திருக்கத் தேவையில்லாத பயோமெட்ரிக் தரவை 3 மாதத்துக்குள் அழிக்கவும் உத்தரவிட்டது. அட்டையோ சாவிக்கொத்தில் மாட்டும் ஃபாபோ போதுமான இடத்தில் முகம் எதற்கு என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி.

‘அட்டெண்டன்ஸ் ரெக்கார்டைச் சட்டப்படி சில வருஷம் வைத்திருக்க வேண்டுமே’ என்ற பதிலும் வரும். அது உண்மை, ஆனால் அது வேறு. சம்பளப் பதிவேட்டுக்கு வேண்டியது 1047 எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்பதுதான். அந்தத் தேதி, நேரம் இருக்கட்டும். அதை வைத்திருக்க முகம் தேவையில்லை. டெம்ப்ளேட்டை அழித்தால் பழைய பஞ்ச் நேரங்களும் போய்விடும் என்று யாராவது சொன்னால், அந்த மென்பொருளில் ஆளை முழுதாக அழிப்பது, முகத்தை மட்டும் அழிப்பது என்று இரண்டு வழி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முகத்துக்கு மட்டும் தனியாக நீக்கும் வழி பெரும்பாலான மெஷின்களின் யூசர் மெனுவில் இருக்கும்.

எப்படிக் கேட்பது

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் அலுவலகத்தில் இருந்தது ஆதார் எண்ணோடு இணைந்த முக அட்டெண்டன்ஸா, கம்பெனியின் சொந்த மெஷினா? ஆதார் என்றால் ஒப்பீடு ஆதார் ஆணையத்தின் பக்கம் நடக்கிறது. கம்பெனியிடம் அழிக்க டெம்ப்ளேட் இருக்காது, பட்டியலிலிருந்து உங்களை நீக்கச் சொல்வதோடு சரி. ஆதாரில் உள்ள முகத்தை அழிக்கக் கேட்க முடியாது, பயோமெட்ரிக்கை லாக் மட்டும் செய்யலாம். சேரும்போது முகத்தைக் காட்டியது மட்டும்தான், ஆதார் எண்ணே கேட்கவில்லை என்றால் அநேகமாகச் சொந்த மெஷின்.

கடிதத்தைக் கம்பெனிக்கு எழுதுங்கள். வெண்டருக்கு எழுதினால் ‘எங்கள் வாடிக்கையாளர் சொன்னால்தான் தொட முடியும்’ என்பார்கள், அது சரியான பதிலும்கூட. ஹெச்.ஆர்.-க்கும், வெப்சைட்டின் பிரைவசி பாலிசி பக்கத்தில் பெயர் போட்டிருக்கும் குறைதீர் அலுவலருக்கும் ஒரே மெயிலில் அனுப்புங்கள். அலுவலக மெயில் ஐடி முடங்கியிருக்கும் என்பதால் உங்கள் சொந்த ஐடியிலிருந்து அனுப்பி, நீங்கள்தான் என்று காட்ட ரிலீவிங் லெட்டரை இணையுங்கள். செல்ஃபியோ ஆதார் நகலோ கேட்டால் கொடுக்க வேண்டாம். முகத்தை அழிக்கக் கேட்கப் போய் இன்னொரு முகப்படத்தைக் கொடுத்துவிட்டு வருவதில் அர்த்தமில்லை.

மெயிலில் இவ்வளவு இருந்தால் போதும்:

> எம்ப்ளாயி நம்பர் 1047, கடைசி வேலை நாள் ஜூன் 30. அட்டெண்டன்ஸுக்காக என் முகத்தை எடுக்கக் கொடுத்த சம்மதத்தை 2011 தகவல் தொழில்நுட்ப விதிகளின் 5-ஆம் விதிப்படி இத்துடன் திரும்பப் பெறுகிறேன். கீழ்க்கண்டவற்றை அழிக்கவும்: (1) எல்லாக் கிளை மெஷின்களிலும் சர்வரிலும் உள்ள என் ஃபேஸ் டெம்ப்ளேட்; (2) என்ரோல் செய்தபோது எடுத்த படம்; (3) ஒவ்வொரு பஞ்ச்சின்போதும் எடுத்த படங்கள்; (4) வெண்டரிடம் அல்லது கிளவுடில் உள்ள நகல்கள். வருகை நேரப் பதிவுகளைச் சட்டம் சொல்லும் காலம் வரை வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.
>
> எந்தெந்த மெஷினில், எந்தத் தேதியில் அழித்தீர்கள் என்பதையும், பேக்கப் எத்தனை நாளில் மாறும் என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும். எதையாவது வைத்திருக்க வேண்டும் என்றால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி, எதுவரை என்று குறிப்பிடவும்.

நான்கையும் தனித்தனியாக எழுதுவது முக்கியம். ‘என் டேட்டாவை அழியுங்கள்’ என்று பொதுவாக எழுதினால், ‘வருகைப் பதிவை அழிக்க முடியாது’ என்ற பதிலோடு எல்லாமே நின்றுவிடும்.

சட்டத்தைச் சொல்லியும் அசையவில்லை என்றால் வேறொரு வழி இருக்கிறது, பல இடங்களில் இதுதான் சீக்கிரம் வேலை செய்கிறது. அதே மெஷின் கதவையும் திறக்கிறது என்றால், வேலையை விட்டுப் போன ஆளின் முகத்துக்கு இன்னும் கதவு திறக்கும் என்பதை அட்மினுக்கும் செக்யூரிட்டிக்கும் நினைவூட்டுங்கள். 1047-ஐப் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கொடுத்துவிட்டால் குழப்பம் இன்னும் கூடும், பழைய ஆள் முகம் காட்டினாலும் புது ஆளுக்கு அட்டெண்டன்ஸ் விழும். பிரைவசி என்றால் கண்டுகொள்ளாதவர்கள் இதைக் கேட்டால் அன்றைக்கே அழிப்பார்கள்.

அழிந்ததா என்று நீங்களே போய் மெஷின் முன்னால் நின்று பார்க்காதீர்கள். தெரியாத முகத்தையும் படம் எடுத்துச் சேமிக்கும் மெஷின்கள் உண்டு. ஒவ்வொரு மெஷினின் யூசர் லிஸ்ட்டிலும் 1047 என்று தேடி, ‘இல்லை’ என்று வரும் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். மேலே சொன்ன கோயம்புத்தூர்க் கோளாறு இருந்தால் அதற்குள் அது தலைகாட்டியிருக்கும்.

மற்ற இடங்களில்

போன் லாக் பற்றி அதிகம் கவலை வேண்டாம். ஐபோனில் முகத்தின் எண்கள் போனுக்குள்ளேயே, சிப்பில் தனியாகப் பிரித்த பாதுகாப்புப் பகுதியின் காவலில் இருக்கின்றன, ஆப்பிளுக்குப் போவதில்லை. `Settings` > `Face ID & Passcode` > `Reset Face ID` என்று போனால் அழிந்துவிடும். போனை விற்கும் முன் செய்தால் போதும்.

முகத்தைக் காட்டி விமான நிலையத்துக்குள் போக உதவும் டிஜியாத்ராவில், விமானம் புறப்பட்ட 24 மணி நேரத்துக்குள் நிலையத்தின் சிஸ்டத்திலிருந்து முகம் அழிக்கப்படும் என்பது அறிவிக்கப்பட்ட நடைமுறை. பாதுகாப்புத் தேவை என்றால் அந்த நேரத்தை மாற்றவும் அதன் கொள்கையில் இடம் இருக்கிறது.

போட்டோ ஆப்கள்தான் கவனிக்க வேண்டியவை, ஏனென்றால் அங்கே அக்கவுண்ட்டை மூடுவதும் முகத்தை அழிப்பதும் ஒன்றாக இருப்பதில்லை. அமெரிக்காவில் எவர் என்றொரு ஆப் இருந்தது. அக்கவுண்ட்டை முடக்கினால் படங்களை அழித்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு அழிக்காமலே வைத்திருந்தது. 2021-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம், படங்களையும் டெம்ப்ளேட்டுகளையும் மட்டுமல்ல, அவற்றைக் கொண்டு பயிற்சி கொடுத்த முக அறிதல் மாடல்களையும் அழிக்க வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் ஃபேஸ்புக் தன் முக அறிதல் வசதியை நிறுத்தி, நூறு கோடிக்கும் அதிகமானவர்களின் டெம்ப்ளேட்டுகளை அழிப்பதாக அறிவித்தது. இப்படிப்பட்ட ஆப்களில் முதலில் முகங்களைத் தொகுக்கும் செட்டிங்கை அணையுங்கள். கூகுள் போட்டோஸில் அதை அணைத்தாலே முகத் தொகுப்புகளும் அவற்றுக்கான மாடல்களும் அழிக்கப்படும். அதன்பிறகுதான் அக்கவுண்ட்டை மூட வேண்டும். மூடிவிட்டால் அந்த செட்டிங்குக்குள் போக வழி இருக்காது.

உங்கள் மெயிலுக்கு ஒரு மாதத்தில் பதில் வரவில்லை என்றால், முதல் மெயிலையே இணைத்து ஒரு நினைவூட்டல் அனுப்பி, அதன் நகலை ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் கம்பெனியின் பதிவு அலுவலக முகவரிக்கு அனுப்புங்கள். அந்த ஒப்புகை பின்னால் தேவைப்படும். அதற்கும் அசையாவிட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 46-ஆம் பிரிவின்படி மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் தீர்ப்பளிக்கும் அதிகாரி, அவரிடம் மனுப் போடலாம். ஆனால் 43ஏ இழப்பீட்டைப் பற்றிப் பேசும் பிரிவு. அந்த டேட்டாவால் உங்களுக்கு நஷ்டம் நேர்ந்ததைக் காட்ட முடிந்தால்தான் அங்கே வழக்கு நிற்கும். வெறுமனே அழிக்கவில்லை என்பதற்காக அங்கே போவது வீண் அலைச்சல். அந்த நிலையில் கடிதப் போக்குவரத்தை எல்லாம் தேதிவாரியாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, 2027 மே மாதத்துக்குப் பிறகு புதுச் சட்டத்தின்படி கம்பெனிக்கு மறுபடி ஒரு கோரிக்கை கொடுங்கள். 90 நாளில் தீராவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் ஆன்லைனில் புகார் கொடுக்கலாம்.